மாதம் 250 கிலோமீற்றர் ஓடும் காரை வைத்திருப்பதா, விற்றுவிட்டு டாக்சி பிடிப்பதா?

கண்டியில், அம்பிட்டியப் பக்கம் ஒரு மேட்டில் இருக்கிறது எங்கள் வீடு. வீதியிலிருந்து 84 படி ஏறவேண்டும். கார் வாசலுக்கு வராது. கீழே வீதியோரத்தில் ஒருவருடைய முற்றத்தில் மாதம் 4,000 ரூபா கொடுத்து எங்கள் சின்ன ஆல்டோவை நிறுத்தியிருந்தோம். நானும் கணவரும் வேலைக்குப் போவது பஸ்ஸில். மகனுக்குப் பாடசாலை வேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, பிரஷர், மாதம் இரண்டு தடவை கிளினிக். ஞாயிற்றுக்கிழமை கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலும் சந்தையும். புசல்லாவைப் பக்கம் தோட்டத்தில் என் கணவரின் அண்ணன் குடும்பம், ஹட்டனில் என் தங்கை. எங்கள் ஓட்டம் இவ்வளவுதான்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கார் தேவையா என்ற பேச்சு எங்கள் வீட்டில் பல வருடம் நடந்தது. கணவருக்குக் கார் மலிவு. எனக்கு அது பெரிய செலவு. இருவர் சொன்னதும் சரி, ஏனென்றால் இருவரும் வேறு வேறு கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2024 முழுவதும் காரின் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு கொப்பியில் எழுதிய பிறகுதான் அது எனக்கே விளங்கியது. அந்தக் கணக்கை அப்படியே இங்கே எழுதுகிறேன். உங்கள் தொகைகள் வேறாக இருக்கலாம், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

அந்த வருடம் கார் ஓடியது 3,000 கிலோமீற்றர். அதில் பாதி, 1,500, கண்டி நகருக்குள். புசல்லாவைக்கு ஆறு தடவை, போய்வர 90 கிலோமீற்றர் வீதம். ஹட்டனுக்கு மூன்று தடவை, கொழும்புக்கு இரண்டு தடவை. மாதத்துக்குச் சராசரியாக 250 கிலோமீற்றர்.

முதலில் கணவரின் கணக்கு, அதாவது கையிலிருந்து போன காசு. மலையும் நகர நெரிசலும் சேர்ந்து எங்கள் காருக்கு லீற்றருக்கு 14 கிலோமீற்றர்தான் கிடைத்தது. பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் வருடத்துக்கு 64,000. முழுக் காப்புறுதி 60,000. புகைப் பரிசோதனையும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் சேர்த்து 10,000. சேர்விஸ் 30,000. பற்றரி, ரயர் இரண்டையும் அவற்றின் ஆயுளுக்குப் பிரித்துப் போட்டால் வருடத்துக்கு 24,000. கராஜ் வேலைகள் 35,000. நிறுத்துமிட வாடகை 48,000. எல்லாம் சேர்த்து 271,000 ரூபா. இதே பயணங்களை டாக்சியிலும் ஹயரிலும் போனால் எவ்வளவு என்று பார்த்தபோது அது 328,000 வந்தது. (அதை எப்படிக் கணக்கிட்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.) ஆக, கணவர் சொன்னது சரி. ஏற்கெனவே கார் இருக்கிறது, அதை விற்கப் போவதும் இல்லை என்றால், அதை ஓட்டுவது 57,000 ரூபா மலிவு.

என் கணக்கில் இன்னும் இரண்டு வரி உண்டு. கீழே நின்றுகொண்டிருந்த அந்தக் காருக்கு 2025 தொடக்கத்தில் 35 இலட்சம் வரை கேட்டார்கள். அந்தக் காசை வங்கியில் நிலையான வைப்பில் போட்டு 8 வீத வட்டி வந்தால், பிடித்துவைக்கும் வரி 10 வீதம் போக, வருடத்துக்கு 252,000 ரூபா கையில் கிடைக்கும். கார் வைத்திருக்கிறோம் என்றால் ஒவ்வொரு வருடமும் அந்த வட்டியை வேண்டாம் என்று சொல்கிறோம். அடுத்த வரி காரின் விலை இறங்குவது. வருடத்துக்கு 5 வீதம் என்று குறைவாகவே வைத்தாலும் 175,000. இரண்டையும் அந்த 271,000 உடன் கூட்டினால் மொத்தம் 698,000. அதை 3,000 கிலோமீற்றரால் வகுத்தால் ஒரு கிலோமீற்றருக்கு 230 ரூபாவுக்கு மேல் போகிறது. எங்கள் கண்டி டாக்சி ரசீதுகளில் நான் கண்ட எந்தத் தொகையும் கிலோமீற்றருக்கு அவ்வளவு இல்லை.

விலை இறங்கும் என்ற அந்த வரியைத்தான் எங்கள் ஊரில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறின, ரூபாவும் விழுந்தது. ஐந்து வருடம் ஓட்டிய காரை வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் எத்தனையோ பேர். அதைப் பார்த்து வளர்ந்த எண்ணம்தான் 'கார் வாங்கினால் நட்டமில்லை, காணி மாதிரி' என்பது. அந்த ஐந்து வருடத்துக்கு அது உண்மையாகவே இருந்தது. கதவு திறந்துவிட்ட பிறகு, இனி வரும் ஐந்து வருடத்துக்கும் அப்படியே நடக்கும் என்று எண்ணிப் பெரிய காசைப் பூட்டிவைப்பது பிழையான கணக்கு. இறக்குமதி வரி அதிகம் என்பதால் விலை தலைகீழாக விழாது என்று சொல்பவர்கள் சரியாகவும் இருக்கலாம். ஆனால் விழாமல் நிற்பதும் ஏறுவதும் ஒன்றல்ல. விலை அப்படியே நின்றாலும் வட்டிக் காசு போய்க்கொண்டுதான் இருக்கும்.

இப்போது டாக்சியின் 328,000. முதலில் நான் செய்த வேலை, கொப்பியில் 'சும்மா ஓட்டம்' என்று எழுதியிருந்த வரிகளைக் கூட்டிப் பார்த்தது. பற்றரி இறங்கிவிடக்கூடாது என்பதற்காக வாரக் கடைசியில் பேராதனை வரை போய்த் திரும்பிய ஓட்டங்கள் அவை. 400 கிலோமீற்றர் இருந்தது! கார் இல்லாவிட்டால் அந்த ஓட்டமே தேவைப்படாது. ஆக நகருக்குள் தேவையான ஓட்டம் 1,100. குறுகிய பயணங்களுக்கு ஆரம்பக் கட்டணமே கனம் என்பதால் கிலோமீற்றருக்கு 140 ரூபா வைத்தேன். அது 154,000. புசல்லாவைக்கு ஒரு நாள் ஹயர் 14,000 வீதம் ஆறு தடவை, ஹட்டனுக்கு 22,000 வீதம் மூன்று தடவை, இரண்டும் சேர்த்து 150,000. கொழும்புக்கு ஏசி பஸ்ஸும் அங்கே இறங்கி டாக்சியுமாக இரண்டு தடவைக்கு 24,000.

இரண்டு வழியும் எந்த இடத்தில் சமமாகின்றன என்றும் பார்த்தேன். 35 இலட்சம் பெறுமதியான காருக்கு, எங்கள் மாதிரி ஓட்டத்தில், வருடத்துக்கு 6,000 கிலோமீற்றருக்குச் சற்று மேலே. அதாவது மாதம் 500. காரின் பெறுமதி 20 இலட்சம் என்றால் அந்த இடம் வருடத்துக்கு 4,000 அளவுக்கு இறங்கும். லீசிங்கில் எடுத்த காராக இருந்தால், லீசிங் வட்டி வங்கி வைப்பின் வட்டியைவிடக் கூட, ஆகவே அந்த இடம் மேலே ஏறும். நாங்கள் 3,000 ஓடியவர்கள், அதிலும் 400 பற்றரிக்காக.

காசுக் கணக்கு இதோடு முடிகிறது. ஆனால் என் கணவரின் மனதை மாற்றியது காசு அல்ல. ஓடாமல் நிற்கும் கார் மலைநாட்டில் என்ன ஆகிறது என்று அவர் கண்ணால் கண்டதுதான்.

பற்றரியில் தொடங்குகிறேன், அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். கார் நிற்கும்போதும் அலாரம், மணிக்கூடு, ரேடியோவின் நினைவு எல்லாம் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். அது 30 மில்லி அம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாதாரணமான அளவுதான். ஒரு நாளைக்கு 0.7 அம்பியர் மணி போகும். சின்னக் காரின் 35 அம்பியர் மணிப் பற்றரியில் மூன்று வாரத்தில் நாற்பது வீதத்துக்கு மேல் இறங்கிவிடும். நல்ல பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டவேண்டும். 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேற் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. நான்கு வருடம் வரவேண்டிய எங்கள் பற்றரி இரண்டு வருடத்தில் போனது இப்படித்தான்.

இதற்குப் பரிகாரமாகப் பலரும் செய்வது, ஞாயிறு காலையில் போய் ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவது. அது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்கிறது. ஸ்டார்ட் பண்ண எடுத்த மின்சாரமே அந்த ஐந்து நிமிடத்தில் சரியாகத் திரும்பி ஏறாது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் சைலன்சருக்குள்ளும் எஞ்சின் எண்ணெயிலும் ஈரம் தங்கிவிடும். நம் ஊர்க் குளிர் காலையில் சைலன்சர் வாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். குறைந்தது அரை மணி நேரம் வீதியில் ஓடவேண்டும், அல்லது பற்றரி வயரைக் கழற்றி வைக்க வேண்டும். பற்றரியின் மைனஸ் முனை வயரைக் கழற்றி வைப்பதற்கு 10 இலக்க ஸ்பேனர் ஒன்று போதும். மூன்று வாரத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தால் அதைச் செய்யுங்கள்.

அடுத்தது பிரேக். மலைநாட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது உறிஞ்சும், நாட்காட்டிக் கணக்கில். போத்தலில் டொட் 3 என்று எழுதியிருக்கும் எண்ணெயின் தரம், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்க வேண்டும் என்பது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கலாம். சமதரையில் ஓடுபவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருபவருக்குத் தெரியும். சூட்டில் அந்த எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. ஆகவே பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்தது போல உள்ளே போகும்.

எங்களுக்கு அது நடந்தது ஹட்டனிலிருந்து வரும்போது. தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். ஹட்டன் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நாவலப்பிட்டி 600க்கும் கீழே. கினிகத்தேனை தாண்டி இறங்கும்போது முன்னால் ஒரு லொறி, பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே. கணவர் மாதத்துக்கு இரண்டு தடவை ஓட்டுபவர். இரண்டாம் கியரில் விட்டு எஞ்சினால் பிடிக்கவேண்டிய இடத்தில் மூன்றாம் கியரில் வைத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். முதலில் கருகிய வாசனை வந்தது. லொறியிலிருந்து வருகிறது என்று நினைத்தோம். இரண்டு வளைவு தாண்டியதும் அவர் முகம் மாறியது. "பெடல் உள்ள போகுது" என்றார், அவ்வளவுதான். கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் மண் தரையில் நிறுத்தினார். பின் சீட்டில் அம்மா கந்த சஷ்டி கவசம் சொல்லத் தொடங்கிவிட்டார். முக்கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகு பெடல் பழையபடி வந்தது. அதனால்தான் இது ஆபத்து. ஆறியதும் சரியாகிவிடுவதால் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த நாள் கம்பளையில் கராஜ் பாஸ் மூடியைத் திறந்து காட்டினார். எண்ணெய் தேநீர் நிறத்தில் இருந்தது. "எப்ப மாத்தினீங்க?" என்றார். கணவர், "கார் ஓடுறதே இல்லையே அண்ணே, கிலோமீற்றர் வரலையே" என்றார். "கிலோமீற்றர் எஞ்சினுக்கு. இதுக்கு வருசக் கணக்கு. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாத்தணும், ஷெட்டுல நின்னாலும்" என்று சொன்னார். நாங்கள் நான்கு வருடம் மாற்றவில்லை. நிறம் மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் முடியாது, தெளிவாக இருக்கும் எண்ணெயிலும் ஈரம் இருக்கலாம். ஈரத்தை அளக்கப் பேனா மாதிரி ஒரு கருவி நல்ல கராஜ்களில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ரயருக்கும் அதே வருசக் கணக்குத்தான். பூ தேயாமல் புதிது போலவே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகியிருக்கும். ரயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டிய ரயரோடு மழையில் கடுகண்ணாவை இறங்குவதை நான் விரும்பமாட்டேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, டாக்சிப் பக்கம் எல்லாம் சுகம் என்று எழுதினால் அது பொய். கண்டியில் பிக்மியும் ஊபரும் ஓடுகின்றன. நகரின் சமமான பகுதிகளில், பகல் நேரத்தில், சில நிமிடங்களில் வண்டி வந்துவிடும். மேட்டு வீதிகளில்தான் சிக்கல். செயலி கட்டணத்தைத் தூரத்துக்கும் நேரத்துக்கும் போடுகிறது, ஏற்றத்துக்குப் போடுவதில்லை. மேலே உள்ள வீட்டுக்கு வர டிரைவர் இரண்டு கிலோமீற்றர் வெறுமையாக ஏறி, 400 ரூபாய்ப் பயணம் ஒன்றை எடுத்து, ஆளை இறக்கியபின் மறுபடி வெறுமையாகத் திரும்புவார். அவர் போன் எடுத்து "எங்க போறீங்க?" என்று கேட்பதும், சில நேரம் வராமல் விடுவதும் இந்தக் கணக்கால்தான். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பஸ் தரிப்பிடம், கோயில், பெரிய கடை மாதிரி பிரதான வீதியில் உள்ள ஓர் இடத்தை ஏறும் இடமாகப் போட்டால் பெரும்பாலும் உடனே கிடைக்கும். நடக்க முடிந்தவர்களுக்கு அது போதும். மழை கொட்டும் மாலை நான்கு மணிக்கும், பாடசாலை விடும் நேரத்துக்கும், பெரஹரா நாட்களில் வீதி மூடும்போதும் எதைப் போட்டாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அம்மாவின் கிளினிக்குக்கு இந்த வழி சரிவரவில்லை. காலை ஆறரைக்குள் போய் நம்பர் எடுக்கவேண்டும், அந்த நேரத்தில் செயலியை நம்பி அம்மாவை வீதியோரத்தில் நிறுத்தமுடியாது. எங்கள் சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரத் தம்பி ஒருவரோடு பேசி, கிளினிக் திகதிகளை மாத ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டோம். செயலிக் கட்டணத்தைவிட 150 ரூபா கூட. ஆனால் அவர் ஆறு மணிக்குப் படிக்குக் கீழே நிற்பார், மேலே ஏறிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிடுவார். கார் வைத்திருந்தபோது கணவர் அரை நாள் லீவு போட்டுச் செய்த வேலை இது.

தோட்டத்துக்குப் போவதுதான் நன்றாக யோசிக்க வேண்டிய பயணம். கண்டியிலிருந்து புசல்லாவைக்குச் செயலியில் கார் கிடைக்கலாம். மாலையில் தோட்டத்து லயத்து வாசலில் நின்று செயலியைத் திறந்தால் பக்கத்தில் ஒரு வண்டியும் காட்டாது. ஆகவே ஒருவழிக் கட்டணத்தை இரண்டால் பெருக்கிக் கணக்குப் போடாதீர்கள். நாள் ஹயர் பேசுங்கள். பேசும்போது நான்கு விஷயத்தை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்: அந்தத் தொகைக்கு எத்தனை கிலோமீற்றர், வெயிட்டிங் எத்தனை மணி வரை, கூடினால் எவ்வளவு, இருட்டிய பிறகு திரும்பினால் ஏதும் மேலதிகமா. டிரைவரின் சாப்பாடு நம் பொறுப்பு, அதைக் கேட்கவே தேவையில்லை. தோட்ட வீதி கல்லும் குழியுமாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தாழ்வான கார்க்காரர் பாதி வழியில் நின்று, கீழே இடிக்கிறது, இனி ஏறாது என்று சொன்னால் சாமானையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஏறவேண்டியது நாம்தான். நாங்கள் இப்போது பழைய டொல்பின் வேன் வைத்திருக்கும் ஒருவரையே கூப்பிடுகிறோம். பொங்கல், தீபாவளி, தோட்டத் திருவிழா நாட்களுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவைக்காவிட்டால் அவரும் கிடைக்கமாட்டார்.

'ராத்திரியில ஒண்ணுன்னா என்ன செய்வீங்க?' என்று எல்லோரும் கேட்பார்கள். கார் வைத்திருப்பதற்கு எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கடைசிக் காரணமும் அதுவே. உயிர் போகும் அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இருக்கிறது, கட்டணம் இல்லை, உள்ளே பயிற்சி பெற்றவர் வருவார். நெஞ்சு வலிக்கும் ஒருவரை, பதறிப்போன மகன் நடு இரவில் தானே ஓட்டிக்கொண்டு போவதைவிட அது எவ்வளவோ மேல். 84 படியில் நோயாளியைத் தூக்கி இறக்க எப்படியும் ஆள் வேண்டும், கார் அதற்கு உதவாது. அம்பியூலன்ஸ் தேவையில்லாத, ஆனால் விடியும்வரை பொறுக்க முடியாத காய்ச்சல், வாந்தி மாதிரியான இரவுகள்தான் உண்மையான இடைவெளி. அதற்கு இரண்டு தொலைபேசி இலக்கம் வேண்டும், ஒன்று போதாது. ஒருவர் ஹயரில் வெளியூர் போயிருப்பார்.

கார் வைத்திருப்பவர் பக்கம் நியாயமாக நிற்கும் ஒரு வாதம் 2022. அந்த ஜூன் கடைசியில் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனது. வரிசையில் நாள்கணக்கில் நின்றோம். பிறகு கியூஆர் முறையில் பங்கீடு வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், ஆட்டோவுக்கு முதலில் 5 லீற்றர்தான் கொடுத்தார்கள். அதாவது எங்களைப் போலக் குறைவாக ஓடும் குடும்பத்துக்குத் தேவைக்கு அதிகமாகவே கிடைத்தது, ஓடிப் பிழைக்கும் ஆட்டோக்காரருக்கு ஒரு நாளைக்கே போதவில்லை. அந்த மாதங்களில் எங்கள் காரில் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்படி ஒரு காலம் மறுபடி வந்தால் கார் இல்லாதது உறுத்தும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலில் மண் சரிந்து வீதிகள் மூடியபோது, கார் இருந்தவரும் இல்லாதவரும் ஒன்றாகத்தான் அடைபட்டுக் கிடந்தோம்.

ஆகவே யார் காரை விற்கக்கூடாது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். வாரம் இரண்டு மூன்று தடவை டயலிசிஸ் போகும் ஒருவர் வீட்டில் இருந்தால் வைத்திருங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை இருந்தாலும் அப்படித்தான். செயலி எட்டாத சின்ன நகரத்தில் இருந்து, நம்பக்கூடிய ஹயர்காரரும் இல்லாவிட்டால் வைத்திருங்கள். ஆனால் வைத்திருந்தால் வருசக் கணக்கில் பராமரியுங்கள்: பிரேக் எண்ணெய் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, எஞ்சின் எண்ணெய் கிலோமீற்றர் வராவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை, ரயருக்குப் பிறந்த திகதி. சும்மா நிற்கிறதே என்று அதை வாடகைக்குக் கொடுக்கும் யோசனை வந்தால் முதலில் காப்புறுதிக்காரரிடம் கேளுங்கள். தனிப் பாவனைக்கு எடுத்த காப்புறுதி, காசுக்கு ஓடியபோது நடந்த விபத்துக்கு இழப்பீடு தராமல் போகலாம்.

முடிவு எடுக்க முடியாமல் இருப்பவர்களுக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். காரை உடனே விற்கவில்லை. 2025 பெப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பற்றரி வயரைக் கழற்றி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கார் இல்லாதது போலவே வாழ்ந்து பார்த்தோம். ஒவ்வொரு பயணத்துக்கும் கொடுத்த காசையும் காத்திருந்த நிமிடத்தையும் எழுதினேன். இரண்டு மாதச் செலவு 49,000 ரூபா. கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தது ஏழு தடவை, அதில் ஐந்து மழை நாள் மாலை. போகவே முடியாமல் விட்டது ஒரே ஒரு பயணம், திடீரென்று சொன்ன ஒரு சாவு வீடு, நாவலப்பிட்டிக்கு அப்பால். கணவர் அன்று பஸ்ஸில் போய், சடங்கு முடிந்த பிறகுதான் சேர்ந்தார். அது அவருக்கு இன்னும் வருத்தம். அதன் பிறகுதான் இரண்டாவது ஹயர்காரரின் இலக்கத்தைத் தேடி எடுத்து, அம்மாவின் மருந்துப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டினோம். ஏப்ரலில், புத்தாண்டு முடிந்ததும், காரைக் கொடுத்தோம்.